1,86,000 விற்றால் கட்டுபடி ஆகணும். 2,14,000 விற்றும் கையில் ஒன்றும் நிற்கவில்லை, எங்கே போகிறது?

அடுப்படி | 2 டிசம்பர் 2025, இரவு 10:40

உடுமலைப் பக்கம் ஒரு சின்ன பேக்கரி. கடைக்கு எதிரில் பள்ளிக்கூடம். டீ கிடையாது, ரொட்டி, பன், பப்ஸ், கேக் மட்டும். ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் கொடுத்தே ஆகவேண்டியது இவ்வளவு:

| செலவு | ரூபாய் |
|---|---|
| வாடகை | 18,000 |
| மாஸ்டர் சம்பளம் | 28,000 |
| உதவி ஆள் | 15,000 |
| கவுன்டர் அக்கா | 12,000 |
| கரண்ட் பில் | 6,500 |
| அடுப்பு, மிக்ஸர் வாங்கிய கடன் தவணை | 11,000 |
| போன், சுத்தம், சில்லறை | 2,500 |
| மொத்தம் | 93,000 |

ஒரு பொருளில் எவ்வளவு நிற்கிறது என்பது கீழே. செலவில் மாவு, வெண்ணெய், மசாலா, கவர் எல்லாம் உண்டு. கேஸையும் பிரித்து அதில் சேர்த்திருக்கிறேன்.

| பொருள் | விலை | செலவு | நிற்பது |
|---|---|---|---|
| ரொட்டி 400 கிராம் | 45 | 23 | 22 |
| வெஜ் பப்ஸ் | 20 | 9 | 11 |
| தேங்காய் பன் | 15 | 7 | 8 |
| அரைக்கிலோ கேக் | 350 | 170 | 180 |

எதை எடுத்தாலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி நிற்கிறது. அப்படியென்றால் 93,000 வரவேண்டுமானால் 1,86,000 விற்றால் போதும். நவம்பரில் 2,14,000 விற்றேன். கணக்குப்படி 14,000 மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் மைதாக் கடைக்கு 7,000 பாக்கி நிற்கிறது. கூட்டலை மூன்று தடவை பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.

---

மைதாமாவு | 2 டிசம்பர், இரவு 11:15

கல்லாவில் இருந்து வீட்டுக்கு எடுக்கிறீங்க, எழுதுறதில்ல. எல்லாக் கடையிலும் நடக்கிறது இதுதான். இன்னொண்ணு, பப்ஸை 22 ஆக்குங்க. 3,000 பப்ஸ் போகுதுன்னா மாசம் 6,000 சும்மா வரும்.

---

அடுப்படி | 3 டிசம்பர், காலை 5:50

வீட்டுச் செலவு மனைவியின் தையல் வருமானத்தில் ஓடுகிறது. கல்லாவில் கை வைப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தோம், இன்றுவரை அப்படித்தான். கவுன்டர் அக்கா தினமும் கல்லாவை எண்ணி எழுதுகிறார், அதிலும் பிசகில்லை.

22 ரூபாய் இங்கே ஓடாது. பிள்ளைகள் கையில் வருவது ஒற்றை 20 ரூபாய் நோட்டு. அந்த 2 ரூபாய் இல்லாததால் பக்கத்துக் கடைக்குப் போய் வேறு ஏதாவது வாங்கிக்கொள்வார்கள்.

---

தஞ்சைக்காரி | 3 டிசம்பர், காலை 11:20

அண்ணா, நான் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறேன். அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் சேர்த்து 85,000 போட்டேன். கிலோவுக்கு 400 நிற்கிறது. அதாவது 213 கிலோ விற்றால் கட்டுபடி, சரிதானே? 140 கிலோ தாண்டிவிட்டேன். உங்களுக்கும் போட்ட முதல் எவ்வளவு என்று சொன்னால்தானே கணக்குப் போட முடியும்?

---

கணக்கன் | 3 டிசம்பர், இரவு 9:05

தஞ்சைக்காரி அம்மா, நீங்கள் பார்ப்பது போட்ட பணம் எப்போது திரும்பும் என்ற கணக்கு. அதுவும் வேண்டியதுதான், ஆனால் இவர் கேட்பது வேறு. முதலை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு மாதமும் கடை தன் செலவைத் தானே தாங்குகிறதா என்று பார்க்கிறார். உங்களுக்கு வாடகையும் சம்பளமும் இல்லாததால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது. உதவிக்கு ஒரு பெண்ணை 8,000 சம்பளத்தில் வைத்துப் பாருங்கள், மாதம் 20 கிலோ விற்றால்தான் அந்தச் சம்பளம் வரும் என்ற இன்னொரு கணக்கு தானாக வந்து நிற்கும்.

அடுப்படி, உங்களிடம் இரண்டு கேள்வி. முதலாவது, அந்த 2,14,000 முழுக்க நீங்கள் சுட்டதா, வாங்கி விற்றதும் அதில் இருக்கிறதா? இரண்டாவது, எத்தனை விற்றது என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை சுட்டீர்கள்?

கோவையில் ஒரு பேக்கரியில் 19 வருஷம் சரக்குக் கணக்கு பார்த்தவன் நான். உங்கள் அட்டவணையில் இந்த இரண்டும் இல்லை.

---

அடுப்படி | 5 டிசம்பர், இரவு 11:30

இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்தேன். மாஸ்டர் தினமும் எவ்வளவு போட்டார் என்று உள்ளே ஒரு நோட்டில் எழுதுகிறார். அக்கா கடை சாத்தும்போது மீந்ததை வேறொரு நோட்டில் எழுதுகிறார். இந்த ஒன்றரை வருஷத்தில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை.

நவம்பர் முழுக்க:

| பொருள் | சுட்டது | விற்றது | மீந்தது | விற்பனை ரூ. | விற்றதில் நின்றது | மீந்ததில் போனது |
|---|---|---|---|---|---|---|
| ரொட்டி | 1,050 | 900 | 150 | 40,500 | 19,800 | 3,450 |
| பப்ஸ் | 3,420 | 3,000 | 420 | 60,000 | 33,000 | 3,780 |
| பன் | 1,980 | 1,800 | 180 | 27,000 | 14,400 | 1,260 |
| கேக் | 138 | 130 | 8 | 45,500 | 23,400 | 1,360 |
| வாங்கி விற்றது | – | – | – | 41,000 | 4,920 | – |
| மொத்தம் | | | | 2,14,000 | 95,520 | 9,850 |

வாங்கி விற்றது என்றால் தண்ணீர் பாட்டில், பாக்கெட் பிஸ்கட், குளிர்பானம். அதில் நூற்றுக்கு 12தான் நிற்கிறது. 41,000 விற்பனையையும் பாதிக்குப் பாதி நிற்கும் சரக்கோடு சேர்த்துக் கூட்டியிருக்கிறேன்.

95,520-ல் 9,850 கழித்தால் 85,670. கொடுக்க வேண்டியது 93,000. துண்டு விழுவது 7,330. மைதாக் கடைப் பாக்கி அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. இதைப் பார்த்தபிறகு இன்று ராத்திரி தூக்கம் வருமா தெரியவில்லை, ஆனால் எங்கே போகிறது என்றாவது தெரிந்தது.

---

கணக்கன் | 6 டிசம்பர், காலை 7:10

இதுதான் உங்கள் உண்மையான அட்டவணை. 2,14,000-க்கு 85,670 என்றால் நூற்றுக்கு 40. நீங்கள் நினைத்தது 50. 93,000-ஐ 0.40-ஆல் வகுத்தால் 2,32,500. அதுதான் கட்டுபடி ஆகும் விற்பனை, 1,86,000 இல்லை. ஒரு நாளைக்கு 7,750.

பப்ஸை மட்டும் பாருங்கள். அட்டவணையில் ஒன்றுக்கு 11 நிற்கிறது. மீந்தவற்றின் செலவை விற்ற 3,000 தலையில் வைத்தால் ஒன்றுக்கு 1.26 குறைகிறது. ரொட்டிக்கு அது 3.83, அதாவது 22 நிற்கும் என்று நினைத்த இடத்தில் 18.17. மற்ற கடைக்காரனுக்கு இன்று விற்காதது நாளை விற்கும். நமக்கு ராத்திரியோடு அதன் கணக்கு முடிந்தது, அதனால் பேக்கரியில் ஒரு பொருளின் மார்ஜினை அடுப்பில் இருந்து இறக்கும்போது போடக்கூடாது, கடை சாத்தும்போது போடவேண்டும்.

கணினியில் போடுவதானால் B-யில் விற்றது, C-யில் ஒன்றுக்குச் செலவு, D-யில் ஒன்றுக்கு நிற்பது, E-யில் மீந்தது என்று நான்கு பொருளுக்கு 2 முதல் 5 வரை நான்கு வரி எழுதி, கீழே இப்படி:

```
=SUMPRODUCT(B2:B5,D2:D5)-SUMPRODUCT(E2:E5,C2:C5)
```

வாங்கி விற்றதில் நிற்பதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த வரியை மற்றதோடு கலக்காதீர்கள்.

---

லைன்வண்டி | 6 டிசம்பர், மதியம் 2:30

நாங்க 60 டீக்கடைக்கு லைன் போடறோம். பன்னும் வர்க்கியும். நீங்க ராத்திரி எண்ணிப் பாக்கறீங்க, எங்களுக்கு ரிட்டன் மறுநாள் வண்டியிலதான் தெரியும். கடைக்காரர் 30 பன் எடுப்பார், 9 திருப்பித் தருவார், காசு 21-க்குத்தான். ரெண்டு வருஷம் டெலிவரி எழுதின சீட்டை வச்சே விற்பனைன்னு நெனச்சுட்டு இருந்தோம். வண்டி விற்க வேண்டிய நிலை வந்தப்பதான் ரிட்டன் சீட்டை எடுத்துக் கூட்டினோம். உங்களுக்கு 12, 14 சதம் மீறுது. எங்களுக்கு மழைக்காலத்துல 30.

---

மைதாமாவு | 6 டிசம்பர், மாலை 6:00

அப்ப தீர்வு சுலபம். மீறவே கூடாது. குறைச்சுப் போடுங்க. பப்ஸ் 100தான் விக்குதுன்னா 100 போடுங்க, 9,850-ம் மிச்சம்.

---

அடுப்படி | 6 டிசம்பர், இரவு 10:50

100 என்பது சராசரி. மழை நாளில் 70, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி நடந்த அன்று 114-ம் நாலரை மணிக்குள் காலி. 100 மட்டும் போட்டால் நல்ல நாளில் 14 போகும், மழை நாளில் அப்போதும் 30 மீறும்.

இன்னொரு திருத்தம். மீந்த பப்ஸ் 420 என்று எழுதினேனே, அதில் 60-க்கும் மேற்பட்டவை மீந்தவையே இல்லை. வேலை செய்பவர்கள் மாலையில் ஆளுக்கொன்று சாப்பிடுவதையும் அக்கா அதே வரியில் எழுதியிருக்கிறார். மொத்தக் கணக்கு மாறாது. ஆனால் அது வீண் இல்லை, அவர்கள் சாப்பாடு. இனிமேல் அதைச் சம்பளத்தோடு எழுதப் போகிறேன், மீந்ததோடு இல்லை. நான்கு மணிக்கு எழுந்து வருகிறவர்கள் சாப்பிடுவதைக் கணக்கு பார்த்து நிறுத்துகிற கடையாக இது இருக்க வேண்டாம்.

---

கணக்கன் | 7 டிசம்பர், இரவு 8:40

மைதாமாவு சொல்வதில் பாதி சரி. மீறுவது குறையவேண்டும், பூஜ்யம் ஆகக்கூடாது.

கடைசி ஒரு பப்ஸைப் போடுவதா வேண்டாமா என்று யோசியுங்கள். போட்டு விற்றால் 11 வரும். போட்டு மீந்தால் 9 போகும். 11-ம் 9-ம் சேர்த்து 20, அதில் 9 என்பது நூற்றுக்கு 45. அது விற்கும் வாய்ப்பு நூறில் 45-க்கு மேல் இருந்தால் போடலாம், கீழே என்றால் வேண்டாம். ரொட்டிக்கு 45-ல் 23, அதாவது 51. பன்னுக்கு 15-ல் 7, ஏறக்குறைய 47.

வாய்ப்பை எங்கே பார்ப்பது? அக்காவின் நோட்டில்தான். தினமும் ஒரே எண்ணிக்கை போடுகிறீர்கள் என்றால், மீந்தது சைபர் என்று எழுதிய நாட்களை எண்ணுங்கள். அன்றுதான் கடைசிப் பொருளும் விற்றது.

---

அடுப்படி | 8 டிசம்பர், காலை 6:15

எண்ணினேன். நவம்பர் 30 நாளில் சைபர் விழுந்தது: பப்ஸ் 10 நாள், பன் 18 நாள், ரொட்டி 5 நாள்.

பப்ஸ் நூற்றுக்கு 33, வேண்டியது 45. கொஞ்சம் அதிகம் போடுகிறோம். ரொட்டி 17, வேண்டியது 51. மிக அதிகம். ஆனால் பன் 60! வேண்டியது 47தான். அதாவது பன்னைக் குறைவாகப் போட்டு, வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மூன்றையும் ஒரேமாதிரி குறைக்க இருந்தேன். மாஸ்டரிடம் சொன்னதும் அவர், பன் பத்தாது என்று ஆடி மாசத்தில் இருந்தே சொல்கிறேனே என்றார். சொன்னார்தான். நான் காதில் வாங்கவில்லை.

ரொட்டியை 35-ல் இருந்து 32, பன்னை 66-ல் இருந்து 72. பப்ஸை மாற்றவில்லை, வேறு வழியில் போகிறோம். மொத்தமும் காலையிலேயே சுட்டுவிடாமல் 60 மட்டும் காலையில், மீதியை மடித்து வெட்டிப் பச்சையாக பிரிட்ஜில் வைத்து, மூன்று மணிக்கு வானத்தையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்துவிட்டு அடுப்பில் வைப்பது. சுடாதது மறுநாள் காலை முதல் தட்டில் போகும்.

---

தஞ்சைக்காரி | 8 டிசம்பர், மதியம் 1:00

பப்ஸ் இல்லை என்று ஒரு பிள்ளை திரும்பிப் போனால் 11 மட்டுமா போகும்? கூட வந்த அம்மா ரொட்டி வாங்கியிருப்பாரே. பிறந்தநாள் கேக்கையும் உங்களிடமே சொல்லியிருக்கலாம். அப்படிப் பார்த்தால் 45 என்பது இன்னும் இறங்காதா?

---

கணக்கன் | 8 டிசம்பர், இரவு 9:20

இறங்கும். எவ்வளவு இறங்கும் என்று நோட்டில் இருந்து எடுக்க என்னிடம் வழி இல்லை. என் பழைய முதலாளி ரொட்டி மட்டும் ஒருநாளும் தீரக்கூடாது என்பார், தினமும் 6 மீறுவதைச் சந்தோஷமாக ஏற்பார். ரொட்டிக்கு வருகிறவர் தினமும் வருகிறவர், இரண்டு நாள் இல்லையென்றால் வேறு கடை பழகிவிடும் என்பது அவர் பேச்சு. கணக்குக்கு அது ஒத்துவராது. அவர் கடை 30 வருஷம் ஓடியது என்பதும் உண்மை.

---

அடுப்படி | 11 டிசம்பர், இரவு 10:10

கேஸ் விஷயம் உறுத்துகிறது. ஒரு பப்ஸுக்கு இவ்வளவு கேஸ் என்று பிரித்துப் போட்டிருக்கிறேன். ஆனால் விடிகாலையில் அடுப்பைக் காயவைக்க முக்கால் மணி நேரம் எரிகிறதே, அது ஒரு தட்டு வைத்தாலும் அதேதான், பத்துத் தட்டு வைத்தாலும் அதேதான். அதுவும் வாடகை மாதிரித்தானே?

சிலிண்டர் கணக்கு எடுத்தேன். நவம்பரில் சுட்ட சரக்கின் விற்பனை 1,73,000, கமர்ஷியல் சிலிண்டர் 9. போன வருஷம் டிசம்பரில் சுட்ட சரக்கு 2,53,000, சிலிண்டர் 11. விற்பனை 80,000 கூட, சிலிண்டர் 2தான் கூட. அப்படியென்றால் 40,000 விற்பனைக்கு ஒன்று. 1,73,000-க்கு 4.3. மிச்சம் 4.7 சிலிண்டர், சரக்கு போட்டாலும் போடாவிட்டாலும் எரிவது. வண்டிக்கூலியோடு 1,800 என்று வைத்தால் ஏறக்குறைய 8,500.

---

கணக்கன் | 12 டிசம்பர், காலை 7:30

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். ரூபாயில் பார்க்காமல் சிலிண்டர் எண்ணிக்கையில் பார்த்ததும் நல்லது, விலை ஒன்றாம் தேதிக்கு ஒன்றாம் தேதி மாறுகிறதே. ஆனால் இரண்டே மாதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டிசம்பரில் கேக் அதிகம், ஒரே தட்டில் 350 ரூபாய்ச் சரக்கு பல நிற்கும். பன் தட்டுக்கு அந்த மதிப்பு வராது. அதனால் 40,000-க்கு ஒன்று என்பது கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். சிலிண்டரை எடைத் தராசில் வைத்து, பற்றவைக்கும் முன் ஒருதடவையும் அடுப்பு காய்ந்தபின் ஒருதடவையும் எடையை எழுதுங்கள். ஒரு வாரம் போதும்.

இப்போதைக்கு உங்கள் 8,500-ஐயே வைத்துக்கொள்வோம். பொருள் செலவில் இருந்து எடுத்து மாதச் செலவில் போட்டால், கொடுக்க வேண்டியது 1,01,500, நிற்பது நூற்றுக்கு 44. வகுத்தால் 2,30,700.

---

மைதாமாவு | 12 டிசம்பர், காலை 9:45

2,32,500 இருந்தது 2,30,700 ஆச்சு. இதுக்கா ரெண்டு நாள் சிலிண்டர் எண்ணினீங்க?

---

கணக்கன் | 12 டிசம்பர், இரவு 8:55

இப்போதைய விற்பனைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் மாறாததுபோலத்தான் இருக்கும். தள்ளிப் போய்ப் பாருங்கள். மே மாதம் பள்ளி விடுமுறையில் விற்பனை 1,60,000-க்கு இறங்கினால், பழைய கணக்கு 29,000 துண்டு விழும் என்கிறது. புதுக் கணக்கு 31,100 என்கிறது. 3,00,000 விற்கும் மாதத்தில் பழையது 27,000 மிஞ்சும் என்கிறது, புதியது 30,500. அடுப்பு சும்மா எரிவதை மாதச் செலவாகப் பார்க்கும்போது கெட்ட மாதம் இன்னும் கெட்டதாகவும் நல்ல மாதம் இன்னும் நல்லதாகவும் தெரியும். எவ்வளவு பணம் கையிருப்பு வைக்கவேண்டும் என்று முடிவு செய்வது அந்த மே மாத எண்தான்.

---

லைன்வண்டி | 13 டிசம்பர், மதியம் 3:15

தவணை 11,000-ஐ செலவுல போட்டது தப்புன்னு எங்க ஆடிட்டர் சொல்வார். அசல் கட்டறது செலவு இல்லையாம், வட்டி மட்டும்தானாம். அதை எடுத்துட்டா உங்க 93,000 குறையுமே?

---

அடுப்படி | 13 டிசம்பர், இரவு 11:00

இப்போது 11,000-ல் வட்டி சுமார் 3,500. ஆனால் அசலை எடுத்தால் அடுப்பு தேய்வதைச் சேர்க்கவேண்டும். அடுப்பும் மிக்ஸரும் 5,40,000, எட்டு வருஷம் உழைக்கும் என்றால் மாதம் 5,625. இரண்டையும் கூட்டினால் 9,125. 11,000-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. கடன் முடிந்தபிறகு தவணை இருக்காது, அடுப்பு மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். அன்றும் அந்த வரியை எடுக்காமல் தனியாகச் சேர்த்துவைக்க வேண்டும் என்று இப்போது எழுதிவைக்கிறேன். ஆனால் பத்தாம் தேதி வங்கி எடுப்பது 11,000, அதனால் என் அட்டவணையில் 11,000தான் இருக்கும்.

---

கணக்கன் | 14 டிசம்பர், காலை 7:00

அதை இருவரும் அவரவர் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு ஒரு தாள், கடை நடத்த ஒரு தாள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அடுப்படி, உங்கள் சம்பளம் எங்கே?

---

அடுப்படி | 15 டிசம்பர், காலை 5:20

இதற்குப் பதில் எழுத ஒரு நாள் ஆனது.

விடிகாலை 4-க்குத் திறந்து ராத்திரி 9:30-க்குச் சாத்துகிறேன். கவுன்டரில் நான் நிற்கும் நேரத்துக்கு ஆள் வைத்தால் 12,000. கொள்முதல், கணக்கு, கேக் ஆர்டர் எல்லாம் சேர்த்து 20,000 என்று வைக்கிறேன். 1,21,500-ஐ 0.44-ஆல் வகுத்தால் 2,76,100. ஒரு நாளைக்கு 9,200. இப்போது 7,100 விற்கிறேன்.

மனைவியிடம் இந்தத் தாளைக் காட்டினேன். இந்த வரியை அழிக்காதே, மாதாமாதம் கொடுக்க முடியாமல் போனாலும் எழுதிவை என்றாள். இரண்டு கோடு போட்டிருக்கிறோம். கடை தன்னைத் தாங்கும் கோடு 2,30,700. எங்களையும் தாங்கும் கோடு 2,76,100.

---

மைதாமாவு | 15 டிசம்பர், காலை 10:30

கோயமுத்தூர்ப் பக்கம் டீ இல்லாம பேக்கரியே கிடையாது. டீ போடுங்க. அதுல மீறவும் மீறாது.

---

அடுப்படி | 16 டிசம்பர், இரவு 10:20

போட்டுப் பார்த்தேன். டீ மாஸ்டர் 24,000, அடுப்பு கேஸ் 3,000. டீ 15 ரூபாய், பால், தூள், சர்க்கரை 7 போக 8 நிற்கும். 27,000-ஐ 8-ஆல் வகுத்தால் 3,375 டீ, ஒரு நாளைக்கு 113. அதுவரை டீ தன் செலவைத்தான் தாங்கும், வேறெதையும் தாங்காது. ஆனால் டீ குடிக்க வருகிறவர் பத்தில் நான்கு பேர் பன்னோ பப்ஸோ எடுத்தால் கதை வேறு. அந்த நான்கு என்பது என் ஆசையா, நடப்பதா என்று எனக்குத் தெரியாது.

---

கணக்கன் | 17 டிசம்பர், காலை 7:15

அதற்குமுன் ஆடிட்டரைப் பாருங்கள். வருஷத்துக்கு 26 லட்சம் வரை விற்கிறீர்கள். சரக்கு மட்டும் விற்றால் ஜிஎஸ்டி பதிவுக்கு 40 லட்சம் வரை இடம் இருக்கிறது. டீ போட்டு உட்காரவைத்துப் பரிமாறினால் அது சேவை ஆகிவிடும், எல்லை 20 லட்சம். பதிவு எடுத்தால் ரொட்டிக்கு வரி இல்லை, ஆனால் கேக்குக்கு உண்டு. 2025 செப்டம்பர் 22-ல் 18-ல் இருந்து 5 ஆக இறங்கியது நல்லதுதான். ஆனாலும் விலையை ஏற்றாமல் கட்டுவதானால் அந்த 5 சதம் மாதச் செலவில் வராது, 44-ஐத்தான் கடிக்கும். 113 டீயோடு முடியாது.

---

அடுப்படி | 4 ஜனவரி 2026, இரவு 11:40

டிசம்பர்: விற்பனை 2,98,000, நின்றது நூற்றுக்கு 45.5. செலவு போக 34,000. கேக்குக்காக இரண்டு வாரம் கூடுதல் ஆள் வைத்தது 6,000, கையில் 28,000. மைதாக் கடைப் பாக்கி முடிந்தது. மீதி 21,000-ஐத் தொடாமல் மே மாதத்துக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிட்டேன். அதில் 31,100 சேர இன்னும் 10,100 வேண்டும்.

சிலிண்டரை ஒரு வாரம் எடை போட்டோம். காயவைக்க மட்டும் தினம் 2.6 கிலோ. மாதம் 78 கிலோ, நாலு சிலிண்டர் சொச்சம். 4.7 என்று போட்டேன், 4.1 வருகிறது. மதியம் பப்ஸுக்கு அடுப்பை மறுபடி ஏற்றுவது இதில் சேரவில்லை, அதை இனிதான் எடை பார்க்கவேண்டும். பப்ஸ் மீறுவதில் மிச்சம் பிடிப்பதை அங்கே விட்டுவிடுகிறோமோ என்று சந்தேகம்.

---

லைன்வண்டி | 5 ஜனவரி, காலை 8:00

காலையில ரொட்டி இறக்கின சூடு மதியம் வரை நிக்குமா? எங்க விறகு அடுப்புல நிக்கும்.

---

அடுப்படி | 2 பிப்ரவரி, இரவு 10:55

நிற்கவில்லை. ரொட்டியை மதியத்துக்கு மாற்றி, ரொட்டி இறங்கியதும் அதே சூட்டில் பப்ஸ் வைக்கிறோம். மாலை ரொட்டி வாங்குகிறவர்களுக்குச் சூடாகவும் கிடைக்கிறது. ரொட்டி விலையை 48 ஆக்கினேன். 900-ல் 108 குறைந்தாலும் பழையபடி 19,800 நிற்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் ஏற்றினேன். 40 குறைந்து 860 விற்றது.

ஜனவரியில் பொங்கல் விடுமுறை போக விற்பனை 2,24,000. மீந்த பப்ஸ் 210. நின்றது நூற்றுக்கு 46, அதாவது 1,03,040. மாதச் செலவை 1,01,500 என்றே வைத்திருக்கிறேன், கேஸ் எடையை முழுசாகப் பார்க்கும்வரை. மிஞ்சியது 1,540. முதல் கோடு இப்போது 2,20,650-க்கு இறங்கிவிட்டது, அதைத் தாண்டிவிட்டோம். இரண்டாவது 2,64,100-ல் நிற்கிறது.

1,540-ஐ மனைவியிடம் கொடுத்தேன். என் சம்பள வரியில் 20,000-க்குப் பக்கத்தில் அதை எழுதி, பாக்கி 18,460 என்று போட்டிருக்கிறாள். டீக்கு ஆடிட்டரிடம் வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். போய்வந்து எழுதுகிறேன்.